ப்ராஜெக்ட் நாலு பேருடையது, பேப்பரில் யார் முதல் பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேட்சில் நாலு பேர். பேப்பரிலும் நாலு பேர் பெயரும் வந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பேட்ச் பட்டியலை மதிப்பெண் போடுவதற்காகக் கல்லூரி வைத்திருக்கிறது. பேப்பரின் ஆத்தர் பட்டியல் வேறு விஷயம். அந்தப் பேப்பரில் அச்சாகியிருக்கும் விஷயத்தை யார் உருவாக்கினார்கள், அதற்கு யார் பதில் சொல்வார்கள் என்பதை அது காட்டுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. (தமிழில் 'ஆசிரியர்' என்று எழுதினால் வாத்தியார் என்றும் பொருள் வந்து குழப்பும். அதனால் இங்கே 'ஆத்தர்' என்றே வைத்துக்கொள்வோம்.)

நம் பொறியியல் மாணவர்கள் அதிகம் அனுப்புவது ஐ.இ.இ.இ. கான்ஃபரன்ஸ்களுக்கு. அங்கே ஒருவர் ஆத்தர் ஆக மூன்று நிபந்தனைகள் உண்டு, மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது, பேப்பரில் உள்ள வேலையின் கோட்பாடு, சிஸ்டம் அல்லது சோதனை வடிவமைப்பு, புரோட்டோடைப் உருவாக்கம், தரவை அலசிப் பொருள் காண்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் குறிப்பிடத்தக்க அறிவுப் பங்களிப்பு. இரண்டாவது, பேப்பரை எழுதியதிலோ, படித்துத் திருத்தியதிலோ பங்கு. மூன்றாவது, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல். மருத்துவ ஜர்னல்கள் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. விதியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது: வேலையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது சரியாகத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

'பேப்பரில் உள்ள வேலை' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். வாழை இலையின் படத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட். 'க' மாடலை எழுதி ட்ரெய்ன் செய்தார். 'ச' தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுத்து, நோய்வாரியாக லேபிள் போட்டார். பிறகு மாடல் எந்தப் படங்களில் தவறுகிறது என்று உட்கார்ந்து பார்த்து, மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்களில்தான் சறுக்குகிறது என்று கண்டுபிடித்தார். 'த' மொபைல் ஆப் கட்டினார், படம் எடுக்கவும் கொஞ்சம் உதவினார். 'ப' ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பி.பி.டி. செய்தார், ரிப்போர்ட்டை டைப் செய்தார், லிட்டரேச்சர் சர்வே எழுதினார். நாலு பேரும் உழைத்தவர்கள்தான். ஆனால் பேப்பர் மாடலையும் தரவையும் பற்றியது, ஆப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்றால், த-வின் பெரிய உழைப்பு ப்ராஜெக்டில் இருக்கிறது, பேப்பரில் இல்லை.

அப்படியென்றால் ஆப் கட்டியவரையும் ரிப்போர்ட் டைப் செய்தவரையும் தூக்கிவிடலாமா?

உடனே தூக்கிவிடாதீர்கள். இருவரின் நிலையும் ஒன்றல்ல.

த விஷயத்தில் நேர்மையான ஒரு வழி இருக்கிறது. புரோட்டோடைப் உருவாக்கம் ஐ.இ.இ.இ. நிபந்தனையிலேயே இருப்பதால், ஆப் பேப்பருக்குள் வந்தால் அவர் ஆத்தர் ஆகிவிடுவார். ஆனால் 'நாங்கள் ஓர் ஆப்பும் செய்தோம்' என்று ஒரு வரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் போட்டால் போதாது. போனில் ஓட மாடலை எவ்வளவு சுருக்கினீர்கள், சுருக்கியதில் துல்லியம் எவ்வளவு குறைந்தது, சாதாரண விலை போனில் ஒரு படத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளந்து அரைப் பக்கம் எழுத வேண்டும். அதைத் த-வே அளந்து, த-வே எழுத வேண்டும். பெரும்பாலும் இதனால் பேப்பரும் பலப்படும்.

ப-வின் சர்வே ரிப்போர்ட்டில் 12 பக்கம் இருக்கலாம். பேப்பரில் அது ஒரு பத்தியாகிவிடும். எழுத்து வேலை இரண்டாவது நிபந்தனையைத் தொடுகிறது, முதல் நிபந்தனையைத் தொடுவதில்லை. இப்படியே விட்டால் அவர் பெயர் நன்றியுரையில் வருவதுதான் முறை. அவருக்கு ஆத்தர் ஆக விருப்பம் இருந்தால், சப்மிட் செய்வதற்கு முன்பே உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். உதாரணமாக, ரிவ்யூவர்கள் எப்படியும் கேட்கப்போகும் ஒப்பீடு: அதே தரவில் வேறு இரண்டு மாடல்களை ஓட்டி, அட்டவணை போட்டு, வித்தியாசம் ஏன் வந்தது என்று எழுதுவது. புரோகிராமைப் புரிந்துகொண்டு செய்ய ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். டெட்லைனுக்கு நாலு நாள் முன்பு இதைப் பேசினால் அது கண்துடைப்புதான்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்த ஒருவருக்கு டிராஃப்டையே காட்டாமல் அனுப்பிவிட்டு, 'அவர்தான் எழுதவே வரவில்லையே' என்பார்கள். வேலை செய்தவருக்கு டிராஃப்டைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஐ.சி.எம்.ஜே.இ. வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆளாளுக்கு 'நான்தான் அதிகம் செய்தேன்' என்கிறோம். யார் எவ்வளவு செய்தார்கள் என்று எப்படி அளப்பது?

முதலில் ஆளை மறந்துவிட்டு வேலையை மட்டும் பிரியுங்கள். மொத்தம் 100 புள்ளி. அந்தப் பேப்பரின் தன்மையைப் பார்த்து ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு எடை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்களின் பெயர் வருவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பெயர் வந்துவிட்டால் மாடல் எழுதியவர் மாடலுக்கு 50 கேட்பார், படம் எடுத்தவர் தரவுக்கு 50 கேட்பார்.

நம் வாழை இலைப் பேப்பருக்கு (ஆப் பகுதி சேர்க்கும் முன்) இப்படி வைக்கலாம்: பிரச்சினையைத் தேர்ந்ததும் திட்டமிட்டதும் 20, தரவு 20, மாடலும் சோதனைகளும் 25, முடிவுகளை அலசியது 10, முதல் டிராஃப்ட் 20, திருத்தம் 5.

அடுத்து ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவருக்குக் காட்டாமல், அந்த எடைகளை ஆட்களுக்குப் பிரித்து எழுத வேண்டும். தன் பங்கை மட்டும் எழுதக் கூடாது, எல்லாருடைய பங்கையும் எழுத வேண்டும். இதுதான் முக்கியம். தன் பங்கை மட்டும் எழுதச் சொன்னால் மொத்தம் 100-ஐத் தாண்டிவிடும். அடுத்தவருக்கும் சேர்த்துப் பிரிக்கும்போதுதான், அவர் வெயிலில் தோட்டத்தில் நின்றது நினைவுக்கு வரும். பிறகு எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் 5 புள்ளிக்கு மேல் இருக்கும் இடங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். மற்ற இடங்களில் சராசரி போதும்.

பேசி முடித்த பிறகு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். திட்டம் 20-இல் கைடு 8, க 8, ச 4. தரவில் மொத்தம் 1,200 படம். அதில் 960 ச எடுத்து லேபிள் போட்டது, 240 த செய்தது. ஆகவே ச 16, த 4. மாடல் 25-இல் க 21, ச 4. அலசல் 10-இல் இருவருக்கும் ஐந்தைந்து. டிராஃப்ட் 20-இல் ச 10, க 6, ப 4. திருத்தம் 5-இல் கைடு 3, க 1, ச 1. கூட்டினால் க 41, ச 40, கைடு 11, த 4, ப 4.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 41-க்கும் 40-க்கும் வித்தியாசம் கிடையாது. இவ்வளவு கரடுமுரடான அளவுகோலில் ஐந்துக்குள் இருந்தால் அது சமம். ஆப் பகுதியைச் சேர்த்து அதற்கு 15 கொடுத்தால் மற்றவை 85-க்குச் சுருங்கும். அப்போது த 18-க்கு மேல் போய்த் தெளிவான மூன்றாவது இடத்துக்கு வருகிறார். க-வும் ச-வும் 35, 34 என்று அப்போதும் சமமாகவே நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கு வரிசையை மட்டும்தான் தீர்மானிக்கும். 'நாலு புள்ளி இருக்கிறதே, அப்போது ப-வும் ஆத்தர்தானே' என்று வாதிடக் கூடாது. ஆத்தரா இல்லையா என்பதற்கு முன்பு சொன்ன மூன்று நிபந்தனைகளே அளவுகோல். மணிக்கணக்கையும் இங்கே கொண்டுவராதீர்கள். தவறான கான்ஃபிகரேஷனில் மூன்று இரவு ட்ரெய்ன் செய்து தூக்கி எறிந்ததும், வெளிச்சம்தான் பிரச்சினை என்று ஒரே மதியத்தில் பிடித்ததும் ஒரே தராசில் நிற்காது.

கிட்ஹப் கமிட் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்துவிட்டால் என்ன?

சாட்சியாகப் பயன்படும், தீர்ப்பாகப் பயன்படாது. யார் எத்தனை கமிட் என்று பார்க்க:

```
git shortlog -sn --no-merges
```

இதில் வழக்கமாக வரும் கோளாறு: லேப் கம்ப்யூட்டரில் ஒருவரின் பெயர் செட் ஆகியிருக்கும், நாலு பேர் எழுதியதும் அவர் பெயரிலேயே போயிருக்கும். ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் கமிட் செய்வார், இன்னொருவர் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஏற்றுவார். படம் எடுத்து லேபிள் போட்ட வேலை இதில் தெரியவே தெரியாது. ஆகவே கமிட், கூகுள் டாக்ஸ் வெர்ஷன் ஹிஸ்டரி, ஓவர்லீஃப் ஹிஸ்டரி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 'இந்தப் பகுதியைத் தொட்டதே யார்' என்ற கேள்விக்கு மட்டும் இவை நல்ல பதில் தரும்.

இரண்டு பேர் உண்மையிலேயே சமம். யார் பெயர் முதலில்?

முதலில் நிற்கும் பெயருக்கு நடைமுறையில் லாபம் உண்டு. ஏ.பி.ஏ. பாணியில் மூன்று ஆத்தர்களும் அதற்கு மேலும் இருந்தால், உரைக்குள் முதல் பெயரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார்கள். ஐ.இ.இ.இ. பாணியில் மேற்கோள் எண்ணாக வருகிறது, கடைசிப் பட்டியலில் ஆறு பெயர் வரை முழுதாக அச்சாகிறது. அதனால் நாலைந்து பேர் உள்ள பேப்பரில் அங்கே இழப்பு குறைவு.

முதல் இருவர் பெயருக்கும் ஒரே குறி போட்டு, 'இவ்விருவரும் சமமாகப் பங்களித்தனர்' என்று ஆங்கிலத்தில் முதல் பக்க அடிக்குறிப்பு கொடுப்பது பரவலான வழக்கம். அதன் பலவீனம் என்னவென்றால், அந்தக் குறி கூகுள் ஸ்காலரிலோ மேற்கோளிலோ பின்தொடர்ந்து வராது. பயோடேட்டாவில் நீங்களேதான் எழுதிக் காட்ட வேண்டும். சமம் என்று குறிப்பிட்டவர்களுக்குள் யார் முதலில் என்பதைப் பெயரின் அகரவரிசையிலோ, காசு சுண்டியோ முடிவு செய்யலாம். காசு சுண்டியதை அடிக்குறிப்பிலேயே சொன்ன பேப்பர்கள் உண்டு. இதே தரவிலிருந்து ஜர்னலுக்கு விரிவாக்கிய பேப்பர் ஒன்று எழுதும் எண்ணம் இருந்தால், அதில் இருவரும் இடம் மாறிக்கொள்வது இன்னும் நல்லது. அந்தப் பேச்சை இப்போதே வாட்ஸப் குழுவில் எழுதி வையுங்கள்.

கணிதத்திலும் தியரி கம்ப்யூட்டர் சயின்ஸிலும் யார் எவ்வளவு செய்தாலும் அகரவரிசைதான் மரபு. அங்கே இந்தச் சண்டையே இல்லை. உங்கள் பேப்பர் அந்த வகை கான்ஃபரன்ஸுக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

வரிசை ஒரே ஒரு கோடு. அதில் 'தரவு முழுவதும் இவர், மாடல் முழுவதும் அவர்' என்று சொல்ல இடமில்லை. அதற்காகத்தான் 'கிரெடிட்' என்ற வகைப்பாடு வந்தது. கருத்துருவாக்கம், மென்பொருள், தரவைப் பராமரித்தல், முதல் வரைவு, மேற்பார்வை என்று 14 பங்குகள், ஒவ்வொன்றுக்கும் யார் யார் என்று எழுத வேண்டும். 2022-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது. பல ஜர்னல்கள் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. கான்ஃபரன்ஸ் கேட்காவிட்டாலும் நன்றியுரைக்கு மேலே நாலு வரியில் சேர்க்கலாம். இரண்டாவது பெயராக நிற்பவர் இன்டர்வியூவில் திறந்து காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கைடு தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்கிறார். எப்படிப் பேசுவது?

அவர் ஏன் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பேசினால் பாதிச் சிக்கல் தீரும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில், இரண்டு ஆத்தருக்கு மேல் உள்ள பேப்பரில் முதல், முதன்மை அல்லது கரஸ்பாண்டிங் ஆத்தருக்கு அந்தப் பேப்பரின் மதிப்பில் 70 சதவீதம், மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். பதவி உயர்வுக் கணக்கில் இது பெரிய வித்தியாசம். ஆனால் அதே வரியில் 'கரஸ்பாண்டிங்' என்றும் இருக்கிறதே! அந்தக் கணக்கில் கைடு கடைசியில் நின்று கரஸ்பாண்டிங் ஆத்தராக இருந்தாலும் அதே 70-தான்.

அவரை கரஸ்பாண்டிங் ஆத்தராக வைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. நீங்கள் படிப்பை முடித்ததும் உங்கள் கல்லூரி மின்னஞ்சல் மூடப்படலாம். இரண்டு வருடம் கழித்து யாராவது தரவு கேட்டு எழுதினால் பதில் சொல்ல ஆள் வேண்டும். கடைசி இடம் பல அறிவியல், பொறியியல் துறைகளில் வழிகாட்டியின் இடம் என்றே படிக்கப்படுகிறது. அதை யாரும் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "சார், சோதனைகளும் டிராஃப்டும் நாங்கள் செய்ததால் எங்கள் பெயர் முதலில், உங்கள் பெயர் கடைசியில் கரஸ்பாண்டிங் ஆத்தராக என்று போட்டிருக்கிறோம். யு.ஜி.சி. கணக்கில் முதல் ஆத்தருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தருக்கும் ஒரே மதிப்புதான் சார். நீங்கள் பார்த்துச் சொன்னால் இதையே சப்மிட் செய்கிறோம்." பிரித்த புள்ளித் தாளையும் கூடவே எடுத்துப் போங்கள், ஆனால் முதல் வாக்கியத்திலேயே அதை நீட்டாதீர்கள். பி.எச்டி. ஆய்வேட்டிலிருந்து வரும் பேப்பர் என்றால் உங்கள் பக்கம் இன்னும் பலம். விதிவிலக்கான சூழல் தவிர மாணவரே முதன்மை ஆத்தர் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது.

கைடு உண்மையிலேயே முதல் ஆத்தராக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. யோசனை அவருடையது, சோதனையை வடிவமைத்தது அவர், மாணவர் கொண்டுவந்த டிராஃப்டைக் கிழித்துவிட்டு அவரே முழுதாக எழுதினார் என்றால், புள்ளித் தாளிலேயே அது தெரிந்துவிடும்.

ஹெச்.ஓ.டி., பிரின்சிபல் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தில் பங்கு கொடுத்த நண்பனும் கேட்கிறான்.

லேப் திறந்து கொடுத்தது, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது, பணம் கொடுத்தது எல்லாம் நன்றியுரைக்கு உரியவை. வேலை செய்யாதவரை ஆத்தர் ஆக்குவது வெறும் மரியாதையோடு முடிவதில்லை. பேப்பரில் தவறு கண்டுபிடிக்கப்பட்டால் அவர் பெயரும் சேர்ந்துதான் அடிபடும். நேரடியாக மறுக்க முடியாத இடத்தில், டிராஃப்டை அனுப்பி, 'உங்கள் திருத்தங்களையும் ஒப்புதலையும் எதிர்பார்க்கிறோம்' என்று கேளுங்கள். பலர் அங்கேயே 'நன்றியில் போட்டால் போதும்' என்று விலகிவிடுவார்கள். சிலர் உண்மையிலேயே உட்கார்ந்து படித்து நல்ல திருத்தம் தருவார்கள். அதுவும் லாபம்தான், ஆனால் அது மட்டும் முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்யாது.

கட்டணத்தை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் நாலு பேரும் ஆத்தர் ஆகிவிட மாட்டார்கள். அதேபோல, பணம் கொடுக்க முடியாதவரின் பெயரை நீக்கவும் முடியாது.

சப்மிட் செய்துவிட்டோம். இப்போது வரிசையை மாற்றலாமா?

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெட்லைன் முடியும் வரை சிஸ்டத்தில் நீங்களே மாற்றலாம். அதற்குப் பிறகு பல கான்ஃபரன்ஸ்கள் பெயர் சேர்ப்பதையும் நீக்குவதையும் அடியோடு தடுக்கின்றன. சில, கேமரா ரெடி எனப்படும் அச்சுக்கான இறுதி வடிவத்தைக் கொடுக்கும் வரை வரிசையை மட்டும் மாற்ற விடுகின்றன. ஜர்னல் என்றால் காரணத்தோடு எடிட்டருக்கு எழுத வேண்டும், எல்லா ஆத்தரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். நீக்கப்படுபவரின் ஒப்புதலும் அதில் அடக்கம். அச்சான பிறகு திருத்த அறிவிப்புதான் வழி.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். இ.டி.ஏ.எஸ்., சி.எம்.டி. போன்ற பேப்பர் சப்மிட் செய்யும் சிஸ்டத்தில் பதிந்த வரிசை ஒன்று, பி.டி.எஃப்.-இல் உள்ள வரிசை வேறொன்று. டபுள் பிளைண்டு ரிவ்யூ என்றால் பி.டி.எஃப்.-இல் பெயரே இருக்காது, சிஸ்டத்தில் அவசரத்தில் யார் பெயரை எந்த வரிசையில் அடித்தீர்களோ அதுதான் ஒரே பதிவு. சப்மிட் பொத்தானை அழுத்துபவர் தன் பெயரை முதலில் அடித்துவிடுவது சகஜம், சதி என்று நினைக்க வேண்டியதில்லை. சப்மிட் செய்த அன்றே உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை எல்லாருக்கும் ஃபார்வர்டு செய்தால் அன்றே திருத்திவிடலாம். கேமரா ரெடியின்போது சிஸ்டம், பி.டி.எஃப்., காப்பிரைட் ஃபார்ம் மூன்றிலும் வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்களுக்கெல்லாம் இனிஷியல்தான், சர்நேம் இல்லை. அகரவரிசை என்றால் எதை வைத்து?

மேற்கத்திய முறையில் குடும்பப் பெயரை வைத்து. நமக்கு எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும். சொந்தப் பெயரை வைத்து அடுக்குவதே இயல்பு, அப்பாவின் பெயரின் முதல் எழுத்து வரிசையைத் தீர்மானிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஃபார்மில் 'Last name' கட்டத்தில் `S` என்று மட்டும் போட்டால், மேற்கோள்களில் நீங்கள் `S, M.` ஆகிவிடுவீர்கள். அந்தக் கட்டத்தில் சொந்தப் பெயரையும், 'First name' கட்டத்தில் இனிஷியலையோ அதன் விரிவையோ போடலாம். எதைத் தேர்ந்தாலும் வாழ்நாள் முழுக்க அதே வடிவம் இருக்கட்டும். பெயர்க் குழப்பமில்லாமல் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ORCID எண்ணை முதல் பேப்பருக்கு முன்பே வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

என் வேலை பேப்பராக வந்திருக்கிறது, என் பெயரே இல்லை. என்ன செய்வது?

முதலில் சாட்சியைச் சேருங்கள்: தேதியோடு கமிட், டிராஃப்ட் வெர்ஷன்கள், கைடுக்கு அனுப்பிய மின்னஞ்சல், ரிவ்யூவில் உங்கள் பெயரோடு காட்டிய ஸ்லைடு. கல்லூரிக் கணக்கில் இருப்பவற்றைக் கணக்கு மூடும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அச்சான பேப்பரைத் திறந்து, எந்தப் படம், எந்த அட்டவணை, எந்தப் பத்தி உங்களுடையது என்று எண்ணோடு குறித்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். 'நான்தான் எல்லாம் செய்தேன்' என்ற கடிதத்தை யாரும் ஆராய மாட்டார்கள். 'படம் 3, அட்டவணை 2, இந்தத் தேதியில் நான் ஏற்றிய கோப்பு இணைப்பில்' என்ற கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் அதை ஆத்தர்களுக்கும் கைடுக்கும் அனுப்புங்கள். இரண்டு வாரம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் துறைத் தலைவருக்கும் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கும். அதன் பிறகே எடிட்டர். யார் சொல்வது உண்மை என்று ஜர்னல் விசாரித்துத் தீர்ப்பு சொல்லாது. ஜர்னல்களுக்கு வெளியீட்டு நெறிமுறை வகுக்கும் 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட தகராறை ஆத்தர்களோ அவர்களின் நிறுவனமோ தீர்க்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே எடிட்டருக்கு எழுதும்போது, கல்லூரிக்கு எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், யாரிடம் இருக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். கல்லூரி முடிவு சொன்னதும் ஆத்தர் பட்டியலைத் திருத்தும் அறிவிப்பை வெளியிடுவது எடிட்டரின் வேலை.